நான்கு நாளுக்கு 392.96 யூரோ: சந்தாவை இடையில் நிறுத்தினால் எப்போது பணம் திரும்பும்?

2018 நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் ஒரு நுகர்வோர் பார்ஷிப் என்ற துணைதேடும் இணையதளத்தில் 12 மாத பிரீமியம் சந்தா எடுத்தார். விலை 523.95 யூரோ. நான்கு நாள் கழித்து, நவம்பர் 8 அன்று, ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாகத் தெரிவித்தார். தளத்தை நடத்தும் பி.இ. டிஜிட்டல் நிறுவனம், அதுவரை தந்த சேவைக்கு ஈடாக 392.96 யூரோ கேட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் மொத்த விலையில் சரியாக முக்கால் பங்கு.

வழக்கு ஹாம்பர்க் உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போனது. சட்டத்தை எப்படிப் படிப்பது என்ற கேள்வியை அந்த நீதிமன்றம் லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2020 அக்டோபர் 8 அன்று பதில் வந்தது. வழக்கு எண் C-641/19. சந்தாவை இடையில் நிறுத்தினால் பயன்படுத்தாத நாட்களுக்கான பணத்தை எப்போது கேட்க முடியும், எப்போது முடியாது என்பதைப் புரிந்துகொள்ள இந்த வழக்கைவிடப் பொருத்தமானது கிடைப்பது கடினம். கேட்கும் உரிமை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற இரண்டு எல்லையும் இதில் தெரிகின்றன.

பொதுவாக ஏன் திரும்புவதில்லை

மாதச் சந்தா எடுக்கும்போது நாம் முப்பது தனித்தனி நாட்களை வாங்குவதில்லை. ஒரு மாதம் என்ற ஒரே பொருளை வாங்குகிறோம். அதன் விலை முதல் நாளே எடுக்கப்பட்டுவிடுகிறது. 14ஆம் தேதி 'ரத்து' பொத்தானை அழுத்தும்போது சட்டப்படி நடப்பது ஒன்றுதான்: அடுத்த மாதத்தை வாங்க மாட்டேன் என்று அறிவிக்கிறோம். நடப்பு மாதம் ஏற்கெனவே விற்றாகிவிட்டது. அதனால்தான் பெரும்பாலான சேவைகள் ரத்து செய்த பிறகும் கணக்கை மாதக் கடைசி வரை திறந்தே வைக்கின்றன. பணம் தராமல் நாட்களைத் தருகிறார்கள். ஒப்பந்தப்படி அது சரியும்கூட.

பில்லிங் மென்பொருளும் இந்த எண்ணத்தில்தான் கட்டப்பட்டிருக்கிறது. உலகெங்கும் சந்தா நிறுவனங்கள் பயன்படுத்தும் ஸ்ட்ரைப் அமைப்பில், வாடிக்கையாளர் ரத்து செய்தால் காலக் கடைசியில் முடிக்கச் சொல்லும் அமைப்பு இது:

```
cancel_at_period_end=true
```

அந்த நொடியே முடிக்க வேண்டுமானால் வேறொரு கட்டளை உண்டு. அதிலும் மிச்ச நாட்களைக் கணக்கிட `prorate=true` என்று நிறுவனம் தனியாகச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கணக்கிடாது. சொன்னாலும், மிச்ச நாட்களின் மதிப்பு வாடிக்கையாளர் கணக்கில் வரவாகப் பதிவாகுமே தவிர, வங்கிக்கோ அட்டைக்கோ தானாகத் திரும்பாது. ரீஃபண்ட் என்பது யாராவது ஒருவர் செய்ய வேண்டிய மூன்றாவது வேலை. 'உங்கள் கணக்கில் வரவு வைத்துவிட்டோம்' என்று பதில் வந்து, பணம் மட்டும் வராமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அப்படிப் பதில் வந்தால், அந்தத் தொகையைப் பணம் செலுத்திய அதே வழியில் திருப்பச் சொல்லி மறுபடி எழுத வேண்டும்.

நிறுவனங்கள் நாள் கணக்கைத் தவிர்க்க வணிகக் காரணமும் இருக்கிறது. நாள் கணக்கில் பணம் திருப்பினால் மாதச் சந்தா என்பது நாள் வாடகை ஆகிவிடும். மூன்று நாளில் ஒரு தொடரை முழுக்கப் பார்த்துவிட்டு மிச்ச 27 நாளுக்குப் பணம் கேட்கலாம். இந்தக் கவலை நியாயமானதே. ஆனால் மாதச் சந்தாவுக்குப் பொருந்தும் இந்த நியாயத்தை ஓராண்டுச் சந்தாவுக்கும் அப்படியே இழுத்துக்கொண்டு போவதில்தான் சிக்கல் வருகிறது. பார்ஷிப் வழக்கு அந்த இடத்தில்தான் நிற்கிறது.

ரத்து வேறு, விலகல் வேறு

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011/83 எண் நுகர்வோர் உரிமை ஆணைப்படி, இணையம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ செய்த ஒப்பந்தத்திலிருந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். இது ரத்து அல்ல. ரத்து என்பது இருக்கும் ஒப்பந்தத்தை இனிமேல் நீட்டிக்காமல் விடுவது. விலகல் என்பது ஒப்பந்தத்தையே பின்னோக்கிக் கலைப்பது. முதலாவதில் மிச்ச காலத்தின் விலை நிறுவனத்திடமே இருக்கும். இரண்டாவதில் பணம் திரும்ப வேண்டும். பயன்படுத்திய அளவுக்கு மட்டும் பிடித்துக்கொள்ளலாம்.

மக்கள் அதிகம் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான். மூன்றாம் நாளே மனம் மாறிய ஒருவர் தளத்துக்குப் போய், கண்ணில் படும் ரத்துப் பொத்தானை அழுத்துகிறார். ஜெர்மனியில் 2022 ஜூலை 1 முதல் அந்தப் பொத்தானை வைப்பது கட்டாயம். ஒப்பந்தங்களை இங்கே ரத்து செய்க என்று பொருள் தரும் `Verträge hier kündigen` என்றோ அதே அளவு தெளிவான சொற்களிலோ இருக்க வேண்டும். அது ரத்துக்கான பொத்தான். அழுத்தினால், சந்தா 12 மாதம் முடிந்ததும் நிற்கும் என்று உறுதிக் கடிதம் வரும். விலகல் உரிமையை அவர் தொடவே இல்லை. 14 நாள் கடந்துவிட்டால் பிறகு தொடவும் முடியாது. விலகலுக்கென்று தனிப் பொத்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2023/2673 எண் ஆணை கொண்டுவந்தது. அது 2026 ஜூன் 19 முதல் பொருந்துகிறது. பொத்தான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்னஞ்சலில் ஒரு வரி எழுதினால் போதும்:

```
Hiermit widerrufe ich den von mir abgeschlossenen Vertrag.
```

நான் செய்த ஒப்பந்தத்திலிருந்து இதன்மூலம் விலகுகிறேன் என்று பொருள். கீழே பெயர், முகவரி, ஒப்பந்தத் தேதி, வாடிக்கையாளர் எண். காரணம் எழுதத் தேவையில்லை. எழுதாமல் இருப்பதே நல்லது. 'சேவை பிடிக்கவில்லை' என்று எழுதினால், அதைப் புகாராக எடுத்துக்கொண்டு உதவிக் குழு பதில் எழுத ஆரம்பிக்கும். அதற்குள் நாட்கள் போய்விடும்.

14 நாளை எண்ணும் முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒப்பந்தம் செய்த நாள் கணக்கில் சேராது. நவம்பர் 4 ஒப்பந்தம் என்றால் முதல் நாள் நவம்பர் 5. பதினான்காம் நாள் நவம்பர் 18. அந்த ஆண்டு அது ஞாயிற்றுக்கிழமை. ஒன்றியத்தின் கால எண்ணிக்கை விதிப்படி கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது பொது விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாள் முடியும்வரை நேரம் இருக்கிறது. அதாவது நவம்பர் 19, திங்கள். அறிவிப்பு அதற்குள் போய்ச் சேர வேண்டியதில்லை. அதற்குள் அனுப்பினால் போதும். அனுப்பினோம் என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. அதனால் அனுப்பிய மின்னஞ்சலை நேரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும்.

நம் வழக்கில் இது எதுவும் தகராறு இல்லை. நான்காம் நாளே விலகல் தெரிவித்தாயிற்று. தகராறு முழுக்கத் தொகையைப் பற்றியது.

முக்கால் பங்கு எங்கிருந்து வந்தது

அந்த நுகர்வோருக்கு விலகல் உரிமை பற்றி நிறுவனம் சொல்லியிருந்தது. 14 நாள் முடியும் முன்பே சேவையைத் தொடங்கலாம் என்று அவரும் உறுதி செய்திருந்தார். இந்த இரண்டும் நடந்திருந்தால் ஆணையின் 14ஆம் பிரிவு மூன்றாம் உட்பிரிவு பொருந்தும்: விலகல் தெரிவித்த நேரம் வரை தரப்பட்ட சேவை, ஒப்பந்தத்தின் முழுச் சேவையில் எவ்வளவு பங்கோ அந்தப் பங்குக்குப் பணம் கட்ட வேண்டும்.

பங்கு என்றால் எதன் பங்கு? நிறுவனத்தின் வாதம் இதைச் சுற்றியே இருந்தது. தளத்தில் சேர்ந்ததும், ஏறக்குறைய அரை மணி நேரம் எடுக்கும் ஆளுமைக் கேள்வித்தாள் ஒன்று உண்டு. அதன் விடைகளைக் கணினி மதிப்பிட்டு, அதே மாநிலத்தில் உள்ள பொருத்தமான உறுப்பினர்களின் பட்டியலை உடனே தருகிறது. 50 பக்க ஆளுமை அறிக்கையும் வருகிறது. 12 மாதச் சந்தாவில் கிடைக்கும் மொத்தத் துணைப் பரிந்துரைகளில் ஏறக்குறைய பாதி அந்த முதல் பட்டியலிலேயே அடங்கிவிட்டது என்றது நிறுவனம். இத்தனை பேருடன் தொடர்பு ஏற்படும் என்ற எண்ணிக்கை உறுதியும் சந்தாவில் இருந்தது. ஆக, நாட்காட்டியில் நான்கு நாள் ஆகியிருந்தாலும் மதிப்பில் பெரும்பகுதியைக் கொடுத்து முடித்துவிட்டோம் என்பது வாதம்.

இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. உண்மையிலேயே சில சேவைகளில் கனமான வேலை முதல் நாளில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால், எந்த நிறுவனமும் தன் சேவையின் எந்தப் பகுதிக்கும் தனக்கு வேண்டிய எடையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது ஒரே விலையைப் பார்த்தவர், விலகும்போது அதற்குள் இவ்வளவு பிரிவுகள் இருந்தன என்று புதிதாகக் கேட்க வேண்டிவரும். விலகல் உரிமை காகிதத்தில் மட்டும் இருக்கும்.

லக்ஸம்பர்க் நீதிமன்றம் தந்த விடை தெளிவானது. ஒப்பந்தத்தின் மொத்தச் சேவைக்கு ஒரே விலை என்றால் கணக்கு கால அளவில்தான். கழிந்த காலத்தின் பங்கு மட்டுமே கட்ட வேண்டும். இதற்கு ஒரே ஒரு விலக்கு: ஒப்பந்தத்திலேயே, குறிப்பிட்ட ஒரு சேவை தொடக்கத்திலேயே முழுமையாகவும் மற்றவற்றிலிருந்து பிரித்தும் தரப்படும், அதற்குத் தனி விலை கட்ட வேண்டும் என்று வெளிப்படையாக இருந்தால், அந்தச் சேவைக்கு முழு விலையையும் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒப்பந்தத்தில் ஆளுமைச் சோதனைக்கென்று அப்படித் தனி விலை போடப்படவில்லை. அடிப்படை உறுப்பினர்களுக்கு அந்த அறிக்கையைத் தனியாக விற்றார்கள் என்பது மட்டும் போதாது. நுகர்வோர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அது பிரிந்து நிற்க வேண்டும்.

நீதிமன்றம் விதியைச் சொன்னது. யூரோவில் தொகை சொல்வது ஹாம்பர்க்கின் வேலை. விதியை வைத்து நாமே கணக்கிடலாம். 523.95ஐ 365ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 1.4355 யூரோ. நான்கு நாளுக்கு 5.74 யூரோ. முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்து ஐந்தாக எண்ணினாலும் 7.18 யூரோதான். நிறுவனம் கேட்ட 392.96ஐ நாளாக மாற்றினால் 273 நாளுக்கு மேல் வருகிறது. நான்கு நாள் பயன்படுத்தியவரிடம் ஒன்பது மாதத்துக்கான தொகை கேட்கப்பட்டது என்று பொருள்.

இன்னொரு விஷயமும் அந்தத் தீர்ப்பில் உண்டு. பலரும் அதைக் கவனிப்பதில்லை. அந்த நுகர்வோரிடம் சொன்ன விலை, அதே ஆண்டில் அதே 12 மாதச் சந்தாவுக்குச் சிலர் கட்டியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மொத்த விலையே மிகையாக இருந்தால், விகிதத்தை ஒப்பந்த விலையில் போடாமல் சந்தை மதிப்பில் போட வேண்டும் என்பது ஆணையின் விதி. அதைத் தீர்மானிக்க, இந்த நிறுவனம் அதே நிபந்தனைகளில் மற்றவர்களுக்குச் சொன்ன விலையையும், ஒப்பந்தம் செய்த நேரத்தில் மற்ற நிறுவனங்கள் இதற்கு நிகரான சேவைக்குச் சொன்ன விலையையும் பார்க்கலாம் என்றது நீதிமன்றம். அதனால் சந்தா எடுக்கும் நாளில் தெரியும் விலைப் பக்கத்தைத் திரையிலிருந்து படம் பிடித்து வைப்பது வீண் வேலை அல்ல.

ஒன்றுமே கட்ட வேண்டாத நிலையும், ஒன்றுமே திரும்பாத நிலையும்

விகிதத் தொகை கட்டும் கடமைகூட நிறுவனம் தன் பங்கைச் செய்திருந்தால்தான் வரும். விலகல் உரிமையையும், இடையில் விலகினால் பயன்படுத்திய அளவுக்குக் கட்ட வேண்டும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். 14 நாளுக்குள்ளேயே சேவையைத் தொடங்குமாறு நுகர்வோர் வெளிப்படையாகக் கேட்டிருக்க வேண்டும். இதில் எது குறைந்தாலும், விலகும் நாள் வரை பயன்படுத்தியதற்கு ஒரு யூரோகூடக் கட்ட வேண்டாம். விலகல் உரிமை உண்டு என்பதையே சொல்லவில்லை என்றால் கெடு 14 நாளோடு இன்னும் 12 மாதம் நீள்கிறது. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, சந்தா எடுத்ததும் வந்த உறுதி மின்னஞ்சலைத் திறந்து அந்தத் தகவல்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது.

மறுபக்கமும் உண்டு. மின்னூல் ஒன்றைத் தரவிறக்குவது போன்ற டிஜிட்டல் உள்ளடக்க ஒப்பந்தங்களில், உடனே தொடங்கச் சம்மதித்து, அதனால் விலகல் உரிமை போகும் என்பதையும் ஏற்றுக்கொண்டு டிக் போட்டிருந்தால், தொடங்கிய நொடியே உரிமை முடிந்துவிடும். பார்ஷிப்பின் 50 பக்க அறிக்கை இந்த வகையில் வருமா என்ற கேள்வியும் வழக்கில் எழுந்தது. வராது என்றது நீதிமன்றம். பணம் கட்டும் முன் டிக் போடும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டிய காரணம் இதுதான்: சேவையை உடனே தொடங்கக் கேட்பது ஒன்று, உரிமையையே விட்டுக்கொடுப்பது வேறொன்று.

இலவச சோதனைக் காலம் முடிந்து பணச் சந்தாவாக மாறும் ஒப்பந்தங்களில் 14 நாள் ஒரே முறைதான், சோதனை தொடங்கும் நாளிலிருந்து. 2023 அக்டோபர் 5 அன்று சோஃபாட்யூட்டர் வழக்கில் (C-565/22) இதே நீதிமன்றம் அப்படித் தீர்த்தது. சோதனை முடிந்ததும் இவ்வளவு விலை என்பதை ஒப்பந்த நேரத்திலேயே தெளிவாகச் சொல்லாவிட்டால் மட்டும், பணம் தொடங்கும்போது புதிதாக 14 நாள் கிடைக்கும். 30 நாள் சோதனை எடுத்தவருக்கு, விலை தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தால், முதல் பில் வரும் நாளில் விலகல் உரிமை ஏற்கெனவே தீர்ந்திருக்கும்.

பதினைந்தாம் நாளுக்குப் பிறகு

இதே நுகர்வோர் ஐந்தாம் மாதத்தில் போதும் என்று முடிவு செய்திருந்தால்? 12 மாதம் என்று ஒப்புக்கொண்ட முதல் காலத்துக்கு, சேவை சரியாக நடந்துகொண்டிருக்கும்வரை, எதுவும் திரும்பாது. மனம் மாறியதும், நேரம் இல்லாததும், பயன்படுத்தவே இல்லை என்பதும் காரணங்கள் ஆகா.

ஆனால் முதல் காலம் முடிந்து, தானாக நீண்டபிறகு நிலைமை மாறும். 2022 மார்ச் 1 முதல் ஜெர்மனியில் செய்யப்படும் சந்தா ஒப்பந்தங்களை, நிறுவனத்தின் பொது நிபந்தனைகளைக் காட்டி இன்னொரு ஆண்டுக்குப் பூட்ட முடியாது. காலவரையறை இல்லாமல்தான் நீளும். அதிகபட்சம் ஒரு மாத முன்னறிவிப்பில் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். குடிமைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 9ஆம் எண். காப்பீடு போன்ற சில ஒப்பந்தங்கள் இதில் வராது.

இங்கே நாள் கணக்கு நிஜமாகவே பாக்கி ஆகிறது. ஓர் உதாரணம்: ஆண்டுக்கு 240 யூரோ சந்தா, முதல் ஆண்டு முடிந்து 2025 மார்ச் 1 அன்று நீள்கிறது, நிறுவனம் அடுத்த ஆண்டுக்கான 240ஐயும் மொத்தமாக எடுத்துவிட்டது. ஜூன் 10 அன்று ரத்து தெரிவிக்கிறார். ஒரு மாத அறிவிப்போடு ஒப்பந்தம் ஜூலை 10 அன்று முடிகிறது. மார்ச் 1 முதல் ஜூலை 10 வரை 132 நாள். மிச்சம் 233 நாள். 240 × 233 ÷ 365 = 153.21 யூரோ. ஒப்பந்தம் முடிந்துவிட்டதால், இல்லாத காலத்துக்கு வாங்கிய பணத்தை வைத்திருக்க நிறுவனத்துக்கு அடிப்படை இல்லை. ஆனாலும் பல உறுதிக் கடிதங்களில் 'உங்கள் சந்தா 28.02.2026 அன்று முடியும்' என்று பழைய முறைப்படி வரும். அந்தத் தேதியைப் பார்த்ததும் மறுத்து எழுத வேண்டும்: ரத்துச் செய்த தேதி, ஒரு மாத அறிவிப்பு, முடிவு தேதி, மிச்ச நாள், தொகை. ஐந்து வரி போதும்.

இதே விதியை மாதச் சந்தாவில் வைத்துப் பார்த்தால் நடு மாத ரீஃபண்ட் ஏன் வருவதில்லை என்பது சட்டத்தின் பக்கமிருந்தும் விளங்கும். 14ஆம் தேதி ரத்து செய்தால் மாதக் கடைசிக்கு 16 நாள்தான் இருக்கிறது. சட்டம் அனுமதிக்கும் அறிவிப்புக் காலமே ஒரு மாதம். நிறுவனம் அதைவிடச் சீக்கிரமாகவே விடுவிக்கிறது. பாக்கி என்று ஒன்று உருவாகவே இல்லை.

சேவை நின்றுபோனால்

நாள் கணக்கு பாக்கியாகும் இன்னொரு இடம், தவறு நிறுவனத்தின் பக்கம் இருக்கும்போது. டிஜிட்டல் சேவைகளுக்கான 2019/770 எண் ஆணை 2022 ஜனவரி 1 முதல் பொருந்துகிறது. சேவை ஒப்புக்கொண்டபடி இயங்காவிட்டால் முதலில் சரிசெய்யச் சொல்ல வேண்டும். நியாயமான காலத்தில் சரிசெய்யவில்லை என்றால் விலைக் குறைப்பு கேட்கலாம். குறை அற்பமானது இல்லை என்றால் ஒப்பந்தத்தையே முடிக்கலாம். அப்படி முடித்தால், நன்றாக இயங்கிய காலத்தின் பணம் நிறுவனத்துக்கு. இயங்காத காலத்தின் பணமும் இனி வரப்போகும் காலத்துக்கு முன்கூட்டி வாங்கிய பணமும் நுகர்வோருக்கு.

ஆண்டுக்கு 120 யூரோ கட்டிய ஒரு கோப்புச் சேமிப்புச் சேவையை வைத்துக்கொள்வோம். 100 நாள் ஒழுங்காக இருந்தது; பிறகு 20 நாள் கோப்புகளைத் திறக்கவே முடியவில்லை; 120ஆம் நாள் ஒப்பந்தத்தை முடித்தார். திரும்ப வேண்டியது 20 நாளும் மிச்ச 245 நாளும்: 120 × 265 ÷ 365 = 87.12 யூரோ. ரத்துப் பொத்தானை அழுத்தியிருந்தால் பூஜ்யம். அதனால் சேவை பழுதாக இருக்கும்போது கோபத்தில் ரத்து செய்துவிடக் கூடாது. பழுது தொடங்கிய தேதியைக் குறித்து, சரிசெய்யக் கெடு கொடுத்து எழுதி, அந்தக் கெடு கடந்தபின் குறைபாட்டைக் காரணமாகச் சொல்லி முடிக்க வேண்டும். திரையில் வந்த பிழைச் செய்தியின் படமும், தேதி போட்ட இரண்டு மின்னஞ்சல்களும்தான் இந்தக் கோரிக்கையின் முழு ஆதாரம்.

நிறுவனம் சேவையை இடையில் தானே மாற்றினாலும் வழி உண்டு. மாற்றத்தால் பயன்பாடு அற்பம் என்று தள்ள முடியாத அளவுக்குக் குறைந்தால், தகவல் வந்த நாளிலிருந்தோ மாற்றம் நடந்த நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து 30 நாளுக்குள் கட்டணமின்றி ஒப்பந்தத்தை முடிக்கலாம்.

பணத்தை வாங்குவது

விலகலுக்கும் குறைபாட்டால் முடிப்பதற்கும் ரீஃபண்ட் கெடு ஒன்றேதான்: அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 14 நாள், செலுத்திய அதே வழியில். கூப்பன், அடுத்த சந்தாவில் கழிவு என்று தந்தால் நாம் ஏற்றால் மட்டுமே செல்லும். கெடு கடந்தால், தொகையையும் வழக்கு எண்ணையும் எழுதி இன்னொரு கெடு கொடுக்கலாம். C-641/19 என்ற எண்ணைக் குறிப்பிட்டு, கழிந்த நாட்களின் கணக்கையும் போட்டு அனுப்பும் கடிதத்துக்குப் பொதுப்படையான பதிலை அனுப்பித் தட்டிக் கழிப்பது கடினம்.

இதற்குப் பதிலாகப் பலர் குறுக்குவழியில் போகிறார்கள்: வங்கிக்குப் போய், நிறுவனம் கணக்கிலிருந்து தானாக எடுத்த நேரடிப் பற்றை எட்டு வாரத்துக்குள் காரணம் சொல்லாமல் திருப்பிவிடுகிறார்கள். வங்கி பணத்தைத் தந்துவிடும். ஆனால் ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. விலகியோ முடித்தோ இல்லாதவருக்கு நிறுவனத்தின் பார்வையில் அது வெறும் கட்டாத பில். நினைவூட்டுக் கட்டணம், வசூல் நிறுவனம் என்று போகும். முதலில் ஒப்பந்தத்தை முடிக்கும் கடிதம். பிறகு, நிறுவனம் தர மறுத்தால் மட்டும், பாக்கித் தொகை அளவுக்கு வங்கி. செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்குவதும் இதே போலத்தான்; சந்தாவை அது தொடுவதே இல்லை.

இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் இதில் எதை எடுத்துக்கொள்ளலாம்? இணையச் சந்தாவிலிருந்து காரணமின்றி 14 நாளில் விலகும் பொது உரிமை இங்கே இல்லை. வங்கியில் தானியங்கிப் பற்று ஆணையை நிறுத்தினால் அடுத்த பற்று நிற்கும். போன பணம் திரும்பாது. ஆனால் 'விலகினேன்' என்பதற்குக் கிடைக்காத நாள் கணக்கு, 'தரவில்லை' என்பதற்கு இங்கும் கிடைக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 சேவைத்தர விதிகளின்படி ஒரு மாவட்டத்தில் கைப்பேசிச் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால், போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்கு அந்த நாட்களின் வாடகையை அடுத்த பில்லில் கழிக்க வேண்டும். பிரீபெய்டுக்குச் செல்லுபடிக் காலத்தை நீட்டிக்க வேண்டும். ஒரே நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் முடங்கியிருந்தால் அது முழு நாளாகவே எண்ணப்படும். மற்ற சேவைகளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்: குறைபாடுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்ப மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை, பில்லில் கெடு எதுவும் இல்லை என்றால் 30 நாள். புகாருக்கு முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திய சேவைக்கு அங்கே கட்டணம் கிடையாது. புகாரில் 'நடு மாதத்தில் ரத்து செய்தேன், மீதியைத் தரவில்லை' என்று எழுதினால் தோற்கும் வாய்ப்பே அதிகம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை சேவை கிடைக்கவில்லை, அத்தனை நாளுக்கு எவ்வளவு தொகை என்று எழுத வேண்டும்.